பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளை: ஃபோர்மியுலேஷன் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

திருகோணமலையில் உளவளத்துணை பழக வரும் இளையவர்கள் எழுதிக் கொண்டு வரும் கேஸ் ஃபோர்மியுலேஷன்களைப் பார்க்கிறேன், அதாவது பிரச்சினை எப்படித் தொடங்கியது, எது அதைத் தொடர வைக்கிறது, என்ன செய்யலாம் என்ற விளக்கக் குறிப்புகளை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நிற்கும் பதின்வயதுப் பிள்ளை என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள், நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்த அதே குழி. தாயிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுதுவது, வரவுப் பதிவேட்டைப் பார்க்காமல் விடுவது எல்லாம் தானாகவே திருந்திவிடும், அவற்றை விடுகிறேன்.

தொடக்கி வைத்ததையே காரணம் என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது. அடையாளம் தெரியாதபடி சில பிள்ளைகளின் விபரங்களைக் கலந்து ஒரு கேஸ் சொல்கிறேன்.

தரம் 9 படிக்கும் பெடியன். டெங்கு வந்து இரண்டு கிழமை வீட்டில் இருந்துவிட்டுப் போன முதல் நாளே கணித பாடத்தில் கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஒரு சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தெரியவில்லை. வகுப்பு சிரித்தது. அடுத்த நாள் காலை வயிற்று வலி, அதோடு பள்ளிக்கூடம் நின்றது. பழகுநர் எழுதி வந்த ஃபோர்மியுலேஷனில் காரணம்: கணித ஆசிரியர் மீதான பயம். இலக்கு: அந்தப் பயத்தைக் குறைப்பது. சரி, அதிபரோடு கதைத்தார்கள், ஆசிரியரும் நல்ல மனுசன், வீடு தேடி வந்து "தம்பி, இனி கூப்பிட மாட்டன், வாங்கோ" என்றார். பெடியன் தலையாட்டினான். திங்கட்கிழமை மறுபடியும் வயிற்று வலி. அதற்குப் பிறகும் சில கிழமைகள் அந்தச் சிரிப்பைப் பற்றியே அமர்வுகள் நடந்தன, தவணை முடிந்துவிட்டது.

கரும்பலகைச் சம்பவம் தொடக்கி வைத்தது, அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்தும் அவனை வீட்டில் வைத்திருப்பது எது என்று தெரிய வேண்டுமானால் ஒரு காலைப் பொழுதை மணித்தியாலம் மணித்தியாலமாகக் கேட்க வேண்டும். நான் தாயிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வலி எத்தனை மணிக்கு நிற்கிறது? யோசித்துவிட்டுச் சொன்னார், ஏழே முக்கால் போல, பள்ளி மணி அடித்த பிறகு. சனி ஞாயிறு வலியே இல்லை.

ஐந்தரைக்கு எழும்புகிறான். ஆறு மணிக்குத் தாய் "வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். ஆறரைக்குக் கட்டாரில் இருந்து தகப்பன் எடுக்கிறார், அங்கே அப்போது விடிய நாலு மணி, வேலைக்குப் போகும் முன் மகனுக்குப் புத்தி சொல்ல அவருக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். சத்தம் கூடுகிறது, பெடியன் அழுகிறான், தாய்க்குக் கை நடுங்குகிறது. 2004 சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர், அழுகிற பிள்ளையைக் கண் மறைவுக்கு அனுப்ப அவரால் முடியாது. "சரி மகன், இண்டைக்கு நில்லுங்கோ, நாளைக்குப் பார்ப்பம்." அந்த வார்த்தை காதில் விழுந்த கையோடு இருவருக்கும் நெஞ்சு இறங்குகிறது. அந்த நிம்மதிதான் நாளைய வலிக்கான விதை. போகாமல் இருந்தால் பதற்றம் நிற்கும் என்று பிள்ளையின் உடம்பு ஒவ்வொரு காலையும் படித்துக்கொள்கிறது, விட்டுக்கொடுத்தால் அழுகை நிற்கும் என்று தாயும் படித்துக்கொள்கிறார். பத்து மணிக்கு மேல் ஃபோன், பகலுக்குப் பிடித்த கறி. இதற்கிடையில் எழுதாத நோட்ஸ் எல்லாப் பாடத்திலும் குவிகிறது, "ஏன்டா வரேல்ல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது நாளுக்கு நாள் கஷ்டமாகிறது. ஆசிரியர் மன்னிப்புக் கேட்டதால் இதில் எந்த ஒன்றும் மாறவில்லையே!

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னியின் 24 கேள்விகள் கொண்ட அளவுகோல் இங்கே உதவும். பள்ளி மறுப்பு பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறது என்று அது நான்காகப் பார்க்கிறது: பள்ளியில் வரும் பதற்றத்திலிருந்து தப்புவது, மற்றவர்கள் எடைபோடும் இடங்களிலிருந்து தப்புவது, பெற்றோரின் கவனம், வெளியே கிடைக்கும் சுகங்கள். இவன் சனிக்கிழமை ஆங்கில டியூஷனுக்கு நிறையப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் இருந்துவிட்டு வருகிறான், கணித டியூஷனுக்கு மட்டும் போவதில்லை. ஆகவே கூட்டம் என்றாலே பயம் என்று எழுத முடியாது, தெரியாதவன் என்று மாட்டிக்கொள்ளும் பயம் என்று எழுதலாம். பயத்தில் தொடங்கியது பிறகு வீட்டுச் சுகத்திலும் ஊன்றிக்கொண்டது. இப்படி ஒன்று மற்றொன்றோடு கலப்பது சகஜம், ஒரே பெட்டிக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதை விட்டுவிட்டால் ஆபத்து. அடி, மிரட்டல், பகிடி இன்றைக்கும் நடந்துகொண்டிருந்தால் தொடக்கி வைத்ததே தொடரவும் வைக்கிறது. அதை நிறுத்தாமல் பிள்ளையைப் படிப்படியாக உள்ளே அனுப்புவது சிகிச்சை இல்லை.

"பாடசாலைக்குச் செல்வது" என்று இலக்கு எழுதுவது

அது முடிவு, இலக்கு இல்லை. மேலே கண்டுபிடித்த ஒவ்வொரு காரணிக்கும் எதிரே ஒரு இலக்கு நிற்க வேண்டும், எதிரே ஆளில்லாத இலக்கு இருந்தால் வெட்டிவிடுங்கள். இவன் விஷயத்தில் தகப்பனின் அழைப்பு இரவுக்கு மாறியது. தாய் வயிற்றைப் பற்றிக் கேட்பதை நிறுத்தி, "கஷ்டம்தான் மகன், மாமா வெளியில நிக்கிறார்" என்று ஒரே வசனம் சொல்லப் பழகினார், பள்ளி வாசல் வரை கொண்டுபோவது மாமாவின் வேலை. பள்ளி நேரத்தில் வீட்டில் ஃபோன் இல்லை, தண்டனையும் இல்லை, வெறும் சலிப்பு மட்டும்.

பள்ளியில் முதலில் தமிழ் பாடம் மட்டும், பிறகு இடைவேளை வரை, பிறகு முழு நாள், கணிதம் கடைசியில். ஒவ்வொரு படிக்கும் பயம் பத்துக்கு எத்தனை என்று அவனே புள்ளி போட்டான். நடுவில் தாங்க முடியாவிட்டால் உளவளத்துணை ஆசிரியரின் அறையில் பத்து நிமிடம் இருந்துவிட்டுத் திரும்ப வகுப்புக்கு, வீட்டுக்கு இல்லை. பதற்றம் உச்சியில் இருக்கும்போது வீடு போனால் பழைய பாடத்தையே இன்னும் அழுத்தமாகப் படிக்கிறான். கரும்பலகைக்குக் கூப்பிடமாட்டோம் என்ற சலுகைக்கு முடிவுத் திகதி போட்டோம், ஏனென்றால் திகதி இல்லாத சலுகை தானே ஒரு தக்கவைக்கும் காரணியாகிவிடும். விட்டுப்போன கணிதத்தை ஒரு அண்ணா தனியாகச் சொல்லிக் கொடுத்தார். தெரியாததால் வந்த பயத்தை மூச்சுப் பயிற்சியால் மட்டும் போக்க முடியாது.

பலங்கள் என்ற இடத்தில் "அன்பான குடும்பம்"

மாமா, ஆங்கில டியூஷன், நோட்ஸ் தரும் நண்பன். இப்படி எழுதுங்கள்.

வைத்தியரிடம் காட்டாமல் "மனசுதான்" என்பது

வலி சனி ஞாயிறும் இருந்தால், இரவில் எழுப்பினால், நிறை குறைந்தால் முதலில் வைத்தியர். அதே போல, விருப்பமான விளையாட்டையும் விட்டுவிட்டானா, தூக்கம் எப்படி, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் படிப்படியான திட்டம் பிறகு, அன்றைக்கே மனநல வைத்தியர்.

ஒருமுறை எழுதி ஃபைலில் போடுவது

ஃபோர்மியுலேஷன் சரியென்றால் அதிலிருந்து ஏதாவது முன்கூட்டிச் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். காலைப் பேச்சு மாறினால் வயிற்று வலி இரண்டு கிழமைக்குள் குறைய வேண்டும் என்று எழுதி வைத்தோம், குறைந்தது. ஆனால் கணித பாட நாட்களில் அப்படியே இருந்தது, ஆகவே அந்தப் படியை இன்னும் சிறிதாக்கி, முதலில் பின் வரிசையில் அரைப் பாடம் என்று மாற்றினோம். எதுவும் அசையவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாமல் காலைப் பொழுதை மறுபடியும் கேளுங்கள், எங்கோ ஒரு நிம்மதி உங்கள் கண்ணில் படாமல் இருக்கிறது. தவணை விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் திங்கட்கிழமை கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் சறுக்கும், அதனால் விடுமுறை முடிவதற்கு முந்திய கிழமையே தாயையும் மாமாவையும் கூப்பிட்டு ஒரு சந்திப்பு வைத்துவிடுங்கள்.