தரங்கம்பாடி வாசலும் நாலு கரண்ட் கம்பியும்

மகளின் வரலாற்றுப் பாடத்துக்காகத் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டிய நகர வாசலைப் படம் எடுத்தோம். குறுக்கே நாலு கம்பி, பக்கத்து மாடியில் டிஷ் ஆண்டெனா, வலது தூணை மறைத்து ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு.

படங்களைத் திருத்தும் GIMP மென்பொருளில் திறந்து, மேலே காலி லேயர் ஒன்று போட்டு, கீழே உள்ள படத்திலிருந்தும் மாதிரி எடுக்கக் கருவியின் Sample merged-ஐ டிக் செய்தேன். அசல் படம் கெடாது. வானத்தில் இருந்த கம்பிகளும் ஆண்டெனாவும் Heal கருவியில் சுலபமாகப் போயின. பக்கத்து வானத்தை Ctrl அழுத்திக் கிளிக் செய்து, கம்பியின் ஒரு முனையில் ஒரு கிளிக், மறுமுனையில் Shift கிளிக், நேர்கோடாக அழிந்துவிடும்.

சுவரின் விளிம்பில்தான் மாட்டிக்கொண்டேன். Heal சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடும் என்பதால், வெள்ளைச் சுவரும் நீல வானமும் குழைந்து அழுக்குப்போல் தெரிந்தது. அங்கே நிறத்தைக் கலக்காமல் அப்படியே நகலெடுக்கும் Clone-க்கு மாறி, அதே விளிம்பில் சற்றுத் தள்ளி மாதிரி எடுத்தேன். சரியாகிவிட்டது.

போர்டுக்கு இடது தூணை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி ஒட்டினேன். நிழல் மட்டும் வெயில் வரும் பக்கமே விழுந்தது! அதைத் தூக்கிவிட்டு, மறு ஞாயிறு போய்ப் பக்கவாட்டில் நின்று வலது தூணைப் படம் எடுத்துவந்து பொருத்தினேன். படத்தின் கீழே "கம்பிகள், ஆண்டெனா, போர்டு நீக்கப்பட்டவை" என்று மகளே எழுதினாள். அசல் படத்தையும் பக்கத்தில் ஒட்டிவிட்டோம்.