வாரா வாரம் என் வீடியோவ நானே செக் பண்றது இப்படித்தான்

எடிட் முடிச்ச கையோட பாத்தா எல்லாமே நல்லாத்தான் தெரியும், அதனால போட்டு ஒரு வாரம் கழிச்சுதான் உக்காந்து பாக்குறேன். முதல்ல சவுண்ட ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவ, அப்புறம் கண்ண மூடி காதால மட்டும் ஒரு தடவ. எனக்கே எங்க போரடிக்குதோ அந்த செகண்ட எழுதி வச்சுட்டுதான் எந்த செகண்ட்ல எத்தன பேர் இன்னும் பாத்துட்டு இருக்காங்கன்னு காட்டுற ரிடென்ஷன் கிராஃப திறப்பேன், முன்னாடியே பாத்துட்டா மனசு அங்கயே போயிடும்.

ஒரு வீடியோல 0:12னு எழுதியிருந்தேன், கிராஃபும் அங்கதான் சரிஞ்சிருந்துச்சு. டைட்டில்ல சொன்னதுக்கு வராம 40 செகண்ட் அறிமுகம்னு இழுத்திருக்கேன். அடுத்த வீடியோல அத மட்டும் மாத்தி, ரிசல்ட்ட முதல் 5 செகண்ட்லயே காட்டினேன், சரிவு நல்லா கொறஞ்சுது. ரெண்டு மூணு சேத்து மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாதுங்க. ஆரம்பத்துல கொஞ்சம் சரிவு எல்லாத்துலயும் இருக்கும், செங்குத்தா விழுற இடத்த மட்டும் பாருங்க.