சந்தையியல் தேர்வு: கணக்கைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

பாளையங்கோட்டையில் என்னிடம் படிப்பவர்களுக்கு மூன்று வார அட்டவணை போடும்போது, முதல் நாளிலிருந்தே கணக்கைச் சேர்த்துவிடுவேன். முதல் வாரம் காலையில் இரண்டு மணி நேரம் கோட்பாடு, மாலையில் அரை மணி நேரம் அதே பாடத்தின் கணக்கு. விலை நிர்ணயம் படித்த அன்றே சமநிலைப் புள்ளியையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓர் அல்வாக் கடைக்கு மாத நிலைச்செலவு 40,000 ரூபாய் என்று கொள்ளுங்கள். கிலோ விலை 300, மாறும் செலவு 220. கிலோவுக்கு மிஞ்சுவது 80; எனவே 500 கிலோ விற்றால் நட்டமில்லை. விலையை 280 ஆக்கினால் மிஞ்சுவது 60தான். ஏறத்தாழ 667 கிலோ விற்க வேண்டும். விலை ஏழு சதவீதம்கூடக் குறையவில்லை, விற்பனையோ மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டியிருக்கிறது! விலைக் குறைப்பு சரியா என்ற கோட்பாட்டு வினாவுக்கும் இதையே சான்றாக எழுதலாம்.

இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய வினாத்தாளின் ஒரு பகுதி. மூன்றாம் வாரம் கடிகாரம் வைத்து முழுத்தாள். மறுநாள் திருத்தம் மட்டும். பிழைக்குக் காரணம் சூத்திரமா, வினாவைத் தவறாகப் படித்ததா என்று ஓரத்தில் குறியுங்கள். சூத்திரம் என்றால் அன்று மாலையே அதே வகையில் இன்னும் இரண்டு கணக்குகள் போடுங்கள்.