டீசல் இன்ஜெக்டரிலிருந்து ஹைட்ராலிக் வால்வுக்கு: துறை மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது மாருதி சுஸுகி டீசல் கார் விற்பனையை நிறுத்தியது. சின்ன டீசல் கார்களுக்கான சந்தை சுருங்கச் சுருங்க, இன்ஜெக்டர் பாகங்கள் செய்யும் லைன்களில் இருக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியர்களுக்கு வேறு வழி தேட வேண்டிய நிலை.

இவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, தாங்கள் செய்த பொருளின் பெயரை வைத்து வேலை தேடுவது. ரெஸ்யூமேயில் "டீசல் இன்ஜெக்டர் உற்பத்தி" என்று மட்டும் இருந்தால் டீசல் கம்பெனிக்காரர்தான் அதைப் படிப்பார். உலோகத்தின் மேல் என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். பிளஞ்சருக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே சில மைக்ரான்தான் இடைவெளி. துளையை ஹோனிங் செய்து, ஏர் கேஜில் அளந்து, அதற்குப் பொருந்தும்படி பிளஞ்சரை கிரைண்டிங் செய்கிறீர்கள். ஹைட்ராலிக் சர்வோ வால்வில் உள்ளே நகரும் ஸ்பூலையும் அது ஓடும் ஸ்லீவையும் இணைப்பதும் இதே வேலைதான். பாகங்களைக் கழுவி, தூசித் துகள்களை எண்ணிப் பார்க்கும் பழக்கமும் அங்கே அப்படியே கைகொடுக்கும்.

ஆனால் திறமை ஒன்று என்பதால் பழக்கமும் ஒன்று என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. இன்ஜெக்டர் நாசில் துளைகளின் உள்விளிம்பை, எரிபொருள் சீராகப் பாய்வதற்காக, உராய்வுத் துகள் கலந்த திரவத்தை ஓடவிட்டு வேண்டுமென்றே மழுக்குவார்கள். ஆனால் ஸ்பூலில் எண்ணெயை அளந்து விடுவதே அதன் கூர்மையான விளிம்புதான். பழைய பழக்கத்தில் பர் எடுக்கும் பிரஷ்ஷைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் வால்வு கெட்டுவிடும். டெஸ்ட் பெஞ்சில் இது தெரிந்துவிடும். ஸ்பூலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நகர்த்திக் கசிவை அளந்தால், நடுநிலையில் மட்டும் கசிவு கூடியிருந்தால் பெரும்பாலும் விளிம்பு மழுங்கியிருக்கும். நகர்வு முழுவதும் கூடுதலாகக் கசிந்தால் இடைவெளியைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை இன்டர்வியூவில் சொல்லத் தெரிந்தவரை ஹைட்ராலிக்ஸ்காரர்கள் எளிதில் விடமாட்டார்கள் என்பது என் கருத்து.

விமான வால்வுப் பக்கம் போகிறவர்கள் எண்ணிக்கையிலும் தடுக்கி விழுகிறார்கள். லட்சக்கணக்கில் ஓடும் லைனில் சாம்பிள் எடுத்து சிபிகே கணக்கிட்டால் போதும். அங்கே ஒரு பேட்ச் 20 பீஸாக இருக்கலாம். அதில் சிபிகே பெரிதாக எதையும் சொல்லாது. விமானத் துறையின் முதல் பீஸ் ஆய்வுக்கான ஏஎஸ் 9102 முறைப்படி, முதல் பீஸில் டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் எண்ணிட்டு, அளந்து, பதிவு செய்ய வேண்டும். அளவைப் பாதிக்கக்கூடிய விதத்தில் புராசஸை மாற்றினால், அந்தப் பகுதிக்கு மறுபடியும் பதிவு வேண்டும். "சைக்கிள் டைமைக் குறைத்தேன்" என்பதை ரெஸ்யூமேயின் முதல் வரியாக அங்கே கொண்டுபோகாதீர்கள். அதைப் படிப்பவருக்கு, கேட்காமல் புராசஸில் கைவைக்கிற ஆளோ என்ற பயம்தான் வரும். இடைவெளியை எப்படிக் காப்பாற்றினீர்கள், ரிஜெக்ஷன் வந்தபோது காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை முதலில் வையுங்கள்.