பொங்கல் பரிசுப் பெட்டிக்குப் பெயர் வைப்பது எப்படி: உள்ளே இருப்பது பெயரிலேயே தெரியட்டும்

சாயல்குடியிலிருந்து தொண்டி வரையிலான கடற்கரை ஊர்களில் கருப்பட்டி, பனங்கற்கண்டு, முண்டு மிளகாய், கருவாடு, கீழக்கரைத் தொதல் என்று வீட்டிலிருந்தே விற்கத் தகுந்த பொருள்கள் பல உண்டு. மார்கழி பிறந்ததும் இவற்றில் சிலவற்றைச் சேர்த்துக் கட்டிப் பரிசுப் பெட்டியாக விற்கத் தொடங்குபவர்கள், பெட்டிக்கும் விலைக்கும் நிறைய யோசித்துவிட்டு, பெயரை மட்டும் படம் போடும் நேரத்தில் அவசரமாக எழுதிவிடுகிறார்கள். "தைத்திருநாள் ஸ்பெஷல் காம்போ" என்று பெயர் போட்டால், பார்த்தவர்களில் பாதிப் பேர் "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்பார்கள், மீதிப் பேர் கேட்காமலே அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். கேட்பவருக்குப் பதில் சொல்லிவிடலாம். கேட்காமல் போனவர் வந்து போனதே நமக்குத் தெரியாது.

எனவே, ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பெயர் வைக்கும் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே செய்து பார்ப்போம்.

படி 1: பெயரை யோசிக்கும் முன் பொருள் பட்டியலை எழுதுங்கள்

நம் பெட்டியில் இருப்பவை: கருப்பட்டி 750 கிராம், பச்சரிசி 500 கிராம், பாசிப்பருப்பு 125 கிராம், முந்திரி 50 கிராம், உலர்திராட்சை 50 கிராம், ஏலக்காய் 5 கிராம். எல்லாம் தனித்தனிப் பாக்கெட்டுகளில் கட்டப்பட்டு, ஒரு பனை ஓலைப் பெட்டிக்குள் வைக்கப்பட்டுள்ளன.

இந்தப் பட்டியலுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, "வாங்குபவர் இருக்கும் என்று எதிர்பார்த்து, ஆனால் இல்லாதது" எது என்பதையும் எழுதுங்கள். இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை அது நெய். அரிசி, பருப்பு, முந்திரி எல்லாம் இருக்கும்போது நெய்யும் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். பண்டிகைக் காலையில் அடுப்பைப் பற்ற வைத்த பிறகு அது இல்லை என்று தெரிந்தால், அந்த வாடிக்கையாளர் மறுபடி வருவது கடினம். ஓலைப் பெட்டியையும் எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்ற கேள்வி இங்கேயே எழும். சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. "7 பொருள்" என்று படித்தவர், ஆறு பாக்கெட்டுகளை எடுத்து வைத்துவிட்டு ஏழாவதைத் தேடுவார். "6 பொருள், ஓலைப் பெட்டியில்" என்று எழுதினால் பெட்டிக்கும் மதிப்பு கிடைக்கும், கணக்கும் சரியாக இருக்கும்.

படி 2: தலைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

பெயரின் முதல் இரண்டு மூன்று சொற்களைத்தான் தலைச்சொல் என்கிறேன். வாங்குபவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு படத்தை அது எழுப்பும். அந்தப் படமும் நம் பட்டியலும் ஒத்துப் போக வேண்டும். இந்தப் படியில்தான் பெரும்பாலான பெயர்கள் கெட்டுப் போகின்றன என்பதால் இதற்கு நேரம் கொடுங்கள்.

முதலில் தோன்றும் பெயர் "பொங்கல் பரிசுத் தொகுப்பு". ஆனால் அது ரேஷன் கடையில் அரசு கொடுக்கும் தொகுப்பின் பெயர்; 2024, 2025 ஆண்டுகளில் அதில் பச்சரிசி, சர்க்கரை, முழுக்கரும்பு ஆகியவை கொடுக்கப்பட்டன. இந்தப் பெயரைப் படிப்பவர் மனத்தில் முதலில் கரும்பும் சர்க்கரையும்தான் வரும், நம் கருப்பட்டி வராது. அடுத்து "பொங்கல் சீர் பெட்டி". கட்டிக்கொடுத்த மகளுக்குத் தாய்வீட்டார் அனுப்பும் சீர் என்றால் பானை, கரும்பு, மஞ்சள்கொத்து, சேலை என்று ஒரு பெரிய வரிசை நினைவுக்கு வரும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, "எங்க அக்கா வீட்டுக்குச் சீர் குடுத்துடுங்க" என்று கேட்பவருக்கு ஆறு பாக்கெட்டுகளைக் கொடுத்தால், அந்தக் குறை நம்மோடு நிற்காமல் இரண்டு வீடுகளுக்கு நடுவிலும் போய் உட்கார்ந்துவிடும். "பொங்கல் மிக்ஸ்" என்று வைத்தாலோ, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, தண்ணீர் ஊற்றிக் கிண்டினால் போதும் என்ற நிலையில் இருக்கும் பொடி என்று புரிந்துகொள்வார்கள்.

இந்தப் பெட்டியிலிருந்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் நல்ல பெயர் தானாக வந்து நிற்கும்: கருப்பட்டிப் பொங்கல். அந்தப் பதார்த்தத்தின் பெயரைச் சொன்னவுடனேயே அரிசி, பருப்பு, கருப்பட்டி ஆகிய மூன்றும் சொல்லாமலே தெரிந்துவிடுகின்றன. எனவே தலைச்சொல் "கருப்பட்டிப் பொங்கல் செட்". "செட்" என்பது பொருள்கள் தனித்தனியாக இருப்பதை உணர்த்தும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. தை முதல் வாரம் கழிந்து பெட்டிகள் மீந்துவிட்டாலும் இந்தப் பெயர் பழையதாகாது. "தைத்திருநாள் ஸ்பெஷல்" என்று அச்சடித்த லேபிளை மாசியில் விற்க முடியாது. பண்டிகை வாழ்த்தைத் தனி அட்டையில் எழுதிச் செருகிவிடுங்கள்.

பதார்த்தத்தின் பெயரை வைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே இருக்கும் அளவுகள் அந்தப் பதார்த்தத்துக்குப் போதுமானவையாக இருக்க வேண்டும். அரை கிலோ அரிசிக்குக் கால் கிலோ கருப்பட்டி வைத்தால் இனிப்பு எடுபடாது. ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றரைப் பங்கு கருப்பட்டி என்ற கணக்கில்தான் 500-க்கு 750 என்று வைத்தோம். செலவைக் குறைக்கக் கருப்பட்டியைக் குறைக்கிறீர்கள் என்றால், அரிசியையும் அதே கணக்கில் குறையுங்கள், இல்லையென்றால் இந்தப் பெயரை விட்டுவிடுங்கள்.

படி 3: எண்ணிக்கையும் இரண்டாம் வரியும்

தலைச்சொல்லுக்கு அடுத்து எண்ணிக்கை வரட்டும். அதற்குக் கீழே இரண்டாம் வரியில் பொருளும் எடையும் வரட்டும்.

கருப்பட்டிப் பொங்கல் செட் – 6 பொருள், ஓலைப் பெட்டியில்
கருப்பட்டி 750 கி, பச்சரிசி 500 கி, பாசிப்பருப்பு 125 கி, முந்திரி 50 கி, திராட்சை 50 கி, ஏலக்காய் 5 கி. நெய் சேர்க்கப்படவில்லை.

வரிசையைக் கவனியுங்கள். வாங்குபவர் எதற்காகப் பணம் கொடுக்கிறாரோ அது முதலில் நிற்கிறது. மொத்த எடையைப் பெயரில் போடுவதை நான் விரும்புவதில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 1,480 கிராம் வருகிறது. "ஒன்றரைக் கிலோ பொங்கல் பேக்" என்று எழுதினால் அதில் அரிசி எவ்வளவு, கருப்பட்டி எவ்வளவு என்பது மறைந்துவிடும். அரிசியை ஏற்றிக் கருப்பட்டியைக் குறைத்த பெட்டிக்கும் அதே பெயர் பொருந்தும் என்பதால், நேர்மையாகக் கட்டியவருக்கு அந்தப் பெயரால் நஷ்டமே.

எடை விவரம் சட்டத்தோடும் தொடர்புடையது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ள பொட்டலத்தில் ஒவ்வொரு பொருளின் பெயரும் எண்ணிக்கையோ அளவோ மேலே குறிப்பிடப்பட வேண்டும். ஆகவே இந்த இரண்டாம் வரியை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால், அதையே லேபிளிலும் பயன்படுத்திக்கொள்ளலாம். லேபிளில் "கி" என்று சுருக்காமல் "கிராம்" என்று முழுமையாக எழுதுங்கள்; "கி" என்பதைக் கிலோ என்று படிப்பவரும் உண்டு. திரையில் இடம் இருந்தால் அங்கும் அப்படியே செய்யுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணுக்கும் லேபிளில் இடம் விடுங்கள்.

படி 4: போனில் பாருங்கள், பிறகு ஒருவரிடம் கேளுங்கள்

வாட்ஸாப் பிசினஸ் கேட்டலாக்கில் பெயரை ஏற்றிவிட்டு, வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். நீளமான பெயரின் வால் பகுதி வெட்டுப்பட்டுப் புள்ளிகளாகத் தெரியும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் வெட்டு சீக்கிரமே விழுகிறது. "கருப்பட்டிப் பொங்கல் செட்" வரை தெரிந்தால் போதும். "ராயல் பிரீமியம் ஸ்பெஷல்" என்று தொடங்கிய பெயராக இருந்திருந்தால் தெரியும் இடம் முழுவதையும் அந்தச் சொற்களே விழுங்கியிருக்கும். அவற்றால் ஒரு பொருளின் பெயரைக்கூட வாங்குபவர் அறிய முடியாது.

அடுத்து, பெட்டியைப் பார்க்காத ஒருவரிடம் பெயரை மட்டும் காட்டி, "அக்கா, இதுக்குள்ள என்னென்ன இருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். அவர் அரிசி, பருப்பு, கருப்பட்டி, முந்திரி என்று சொன்னால் பெயர் வேலை செய்கிறது. பானை என்றோ கரும்பு என்றோ சொன்னால் படி 2-க்குத் திரும்புங்கள்.

கருவாடு சேரும் பெட்டிக்கு மட்டும் வேறு விதி

கடலோரத்தில் விற்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முண்டு மிளகாயும் நெத்திலிக் கருவாடும் சேர்த்து "ராமேஸ்வரம் நினைவுப் பரிசு" என்று பெயர் வைத்தால், கோயிலுக்கு வந்து திரும்பும் சைவக் குடும்பம் ஒன்று தெரியாமல் வாங்கிச் சென்று, ஊரில் போய்ப் பிரித்துப் பார்க்க நேரிடும். அசைவம் இருக்கும் பெட்டியில், விலை குறைந்த பொருளாக இருந்தாலும் கருவாடே பெயரின் முதல் சொல்லாக வர வேண்டும்: "நெத்திலிக் கருவாடு + முண்டு மிளகாய் – 2 பொருள்". சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணமான அசைவக் குறியும் லேபிளில் இருக்க வேண்டும். சைவத்துக்கான பச்சை வட்டம் இங்கே வரக் கூடாது. "ராமநாதபுரம் முண்டு மிளகாய்" 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறு மாவட்டத்து மிளகாயை வைத்துவிட்டு அந்த முழுப் பெயரை எழுதாதீர்கள்.

பொருள் மாறினால் பெயரும் மாற வேண்டும்

முந்திரி விலை ஏறி, அதற்குப் பதிலாக வேர்க்கடலை வைக்க நேர்ந்தால், தலைச்சொல் அப்படியே இருக்கலாம். இரண்டாம் வரியை அன்றே மாற்ற வேண்டும். பழைய படம் குடும்பக் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், படத்தின் ஓரத்தில் "தை 2026 பட்டியல்" என்பது போல மாதத்தையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். பழைய படத்தைக் காட்டி ஆர்டர் கொடுப்பவரிடம், பணம் வாங்குவதற்கு முன்பே புதிய இரண்டாம் வரியை அனுப்பி, "இதுதான் இப்ப உள்ள செட், சரிதானே?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.