தொப்பி நிழலில் மறைந்த கண்கள்

மதிய வெயிலில் எடுத்த தம்பியின் கிரிக்கெட் படம். தொப்பி நிழல் நெற்றியிலிருந்து மூக்கின் பாதி வரை கறுப்பாக விழுந்திருந்தது. லைட்ரூம் என்ற படத் திருத்தச் செயலியில் நிழலுக்கு மட்டும் பிரஷ் மாஸ்க் போட்டு, Exposure-ஐ 0.8 ஏற்றினேன். கண் தெரிந்தது, ஆனால் தோல் நீலச் சாம்பலாகிவிட்டது. நிழலுக்குள் வருவது பெரும்பாலும் வானத்தின் நீல வெளிச்சம்தானே. அதே மாஸ்க்கில் Temp-ஐக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளியதும் கன்னத்து நிறத்தோடு சேர்ந்தது.

அப்புறம் நிழலின் ஓரம். பிரஷ் வெயில் பட்ட மூக்கின் மேல் ஏறினால் வெள்ளைக் கோடு விழும், உள்ளேயே நின்றுவிட்டால் கறுப்புக் கோடு மிஞ்சும். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, பிரஷ் ஓரத்தை மங்கலாக்கும் Feather-ஐக் குறைத்து, ஓரத்தை ஒட்டியே தீட்டினேன். நெற்றியைக் கன்னத்தைவிடச் சற்று இருட்டாகவே விட்டேன். முழுக்கச் சமமாக்கினால் தொப்பி ஒட்டவைத்தது போலத் தெரியும்.