பணவீக்கத்தின் நீண்ட நினைவு: d என்ற பின்ன எண்ணைக் கணக்கிடுவது எப்படி?

மாதாந்திரப் பணவீக்கத் தொடரை எடுத்துக்கொண்டு சோதனைகளைத் தொடங்குபவர்கள் பலர் ஒரு விசித்திரமான முடிவில் வந்து நிற்பதுண்டு. ஏ.டி.எஃப். சோதனை "இத்தொடரில் அலகு மூலம் இல்லை" என்று, அதாவது அதிர்ச்சிகள் அதில் நிரந்தரமாகத் தங்குவதில்லை என்று சொல்லும், கே.பி.எஸ்.எஸ். சோதனையோ "இத்தொடர் அதிர்ச்சிகளை விரைவில் மறக்கும் சாதாரண நிலைத்த தொடரும் அல்ல" என்று சொல்லும். இரண்டில் ஒன்று பிழை என்று எண்ணி, வசதியானதை மட்டும் அறிக்கையில் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இரண்டுமே சரியாக இருக்கலாம். வேறுபாடு எடுப்பது என்றால் ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் அதற்கு முந்தைய மதிப்பைக் கழிப்பது. சாதாரண நிலைத்த தொடரை ஒருமுறையும் வேறுபாடு எடுக்க வேண்டியதில்லை, அதாவது d = 0. அலகு மூலம் உள்ள தொடரை ஒருமுறை வேறுபாடு எடுக்க வேண்டும், அதாவது d = 1. இந்த d முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதை கிரேஞ்சரும் ஜோயுவும் 1980-இலும், ஹாஸ்கிங் 1981-இலும் காட்டினார்கள். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கொண்டு அந்த d-ஐ நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதல் படி: d = 0.4 என்றால் என்ன என்று கையால் கணக்கிடுங்கள்

ஒரு மாத மதிப்புக்கும் அதற்கு k மாதங்கள் முந்தைய மதிப்புக்கும் உள்ள ஒட்டுறவைத் தன்னொட்டுறவு என்கிறோம். d பின்ன எண்ணாக உள்ள தூய பின்னத் தொடரில் முதல் தன்னொட்டுறவு d/(1−d). ஆகவே d = 0.4 எனில் அது 0.667. இதே முதல் தன்னொட்டுறவு உள்ள ஒவ்வொரு மதிப்பும் முந்தைய மாத மதிப்பை மட்டும் சார்ந்திருக்கும் சாதாரண AR(1) தொடர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதங்கள் கழித்து AR(1)-இல் எஞ்சுவது 0.008 மட்டுமே, பின்னத் தொடரிலோ ஏறத்தாழ 0.41 எஞ்சுகிறது. நூறு மாதங்கள் கழித்து AR(1)-இல் நடைமுறையில் எதுவுமே இல்லை, பின்னத் தொடரில் இன்னும் 0.27 இருக்கிறது. முதல் மாதத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டும் ஓராண்டுக்குள் இப்படிப் பிரிந்துபோவதற்குக் காரணம், ஒன்று அடுக்குக்குறி வேகத்திலும் மற்றது k-இன் அடுக்காக, இங்கே k⁻⁰·² என்ற மெதுவான வேகத்திலும் தேய்வதுதான். இந்த மெதுவான தேய்வையே நீண்ட நினைவு என்கிறோம்.

d 0.5-ஐத் தொட்டதும் தொடரின் மாறுபாடு முடிவிலியாகிறது, எனவே அதை நிலைத்தது என்று சொல்ல முடியாது. ஆயினும் d 1-க்குக் கீழே இருக்கும்வரை ஓர் அதிர்ச்சியின் விளைவு காலப்போக்கில் தேய்ந்தே தீரும். ஓர் எண்ணெய் விலை உயர்வு பணவீக்கத்தில் என்றென்றைக்கும் தங்குமா, அல்லது மிக நீண்ட காலம் மட்டும் தங்குமா என்ற கேள்விக்கு இந்த இடைவெளியில்தான் விடை இருக்கிறது.

இரண்டாம் படி: தொடரைத் தயார் செய்யுங்கள்

அமெரிக்கப் பொருளாதாரத் தரவுகளைத் தரும் ஃப்ரெட் தளத்திலிருந்து, நுகர்வோர் விலைக் குறியீட்டின் பருவகாலத் திருத்தம் செய்யப்பட்ட CPIAUCSL தொடரை இறக்கிக்கொள்ளுங்கள். 1960 முதல் 2019 வரை எடுத்தால் 720 மாதங்கள் கிடைக்கும்.

```python
import numpy as np, pandas as pd
p = pd.read_csv("CPIAUCSL.csv", index_col=0,
                parse_dates=True).iloc[:, 0]
s = 1200*np.log(p).diff()
x = s.loc["1960":"2019"].to_numpy()
```

இங்கே மாதத்துக்கு மாதம் ஏற்படும் மாற்றத்தையே எடுத்திருக்கிறோம். செய்தித்தாள்களில் வரும் "சென்ற ஆண்டின் இதே மாதத்தைவிட" என்ற அளவை எடுத்துவிடாதீர்கள். அது பன்னிரண்டு மாத மாற்றங்களின் கூட்டுத்தொகை என்பதால், தொடரில் இல்லாத வழவழப்பை நாமே பூசிவிடுகிறோம். அடுத்த படியில் நாம் பயன்படுத்தப்போகும் அதிர்வெண்களிலேயே மிக உயர்ந்ததன் வலிமை அதனால் சுமார் பாதியாகக் குறைந்து, d உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இது தொடக்கநிலையில் மிகச் சுலபமாக நேர்கிற பிழை. வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

மூன்றாம் படி: d-ஐ மதிப்பிடுங்கள்

நீண்ட நினைவு என்பது நீண்ட அலைகளில் குவிந்திருக்கும் வலிமையே. ஆகவே தொடரை வெவ்வேறு நீளமுள்ள அலைகளாகப் பிரித்து, மிக நீண்ட m அலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வலிமையின் மடக்கையை அதிர்வெண்ணின் மடக்கை மேல் வைத்து ஒரு நேர்கோடு பொருத்தினால், அதன் சாய்விலிருந்து d கிடைக்கும். ஜெவீக்கும் போர்ட்டர்-ஹுடாக்கும் 1983-இல் முன்வைத்த இம்முறையை அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் ஜி.பி.எச். என்கிறார்கள்.

```python
def gph(x, m):
    n = len(x)
    I = np.abs(np.fft.fft(x - x.mean())[1:m+1])**2
    lam = 2*np.pi*np.arange(1, m+1)/n
    z = -np.log(4*np.sin(lam/2)**2)
    return np.polyfit(z, np.log(I), 1)[0]
```

m என்னவாக இருக்க வேண்டும்? 720-இன் வர்க்கமூலத்தை ஒட்டி 26 என்று தொடங்குவது வழக்கம். அதாவது சுமார் 28 மாதங்களும் அதற்கு மேலும் நீளமுள்ள அலைகளை மட்டும் பார்க்கிறோம். திட்டப் பிழை π/√(24m), இங்கே 0.126. ஆகவே மதிப்பீடு 0.4 என்று வந்தால், 95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 0.15 முதல் 0.65 வரை நீளும். 0-வும் 1-ம் விலக்கப்படுகின்றன; ஆனால் 0.5-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைச் சொல்ல முடியாது. அறுபது ஆண்டுத் தரவு இவ்வளவுதான் சொல்லும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

m-ஐப் பெரிதாக்கினால் பிழை சுருங்கும் என்பது உண்மை. ஆனால் குறுகிய அலைகளும் உள்ளே வந்துவிடுவதால், 0.9 போன்ற வலுவான AR கூறு இருந்தால் அதையும் நீண்ட நினைவு என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே m-ஐ 15 முதல் 60 வரை மாற்றி, d-ஐ வரைந்து பாருங்கள். ஓரளவு சமதளமாக ஓடும் பகுதி ஒன்று இருந்தால் அந்த மதிப்பை நம்பலாம். m ஏற ஏற d ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால், எந்த ஒரு m-இல் கிடைத்த எண்ணையும் அறிக்கையில் எழுதாதீர்கள்.

நான்காம் படி: போலி நினைவா என்று பாருங்கள்

மற்ற படிகளை அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள். அமெரிக்கப் பணவீக்கம் 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உயர்ந்து, 1979 அக்டோபரில் பால் வோல்கர் தலைமையிலான மத்திய வங்கி கடுமையான கொள்கைக்கு மாறியபின் இறங்கியது. சராசரியே இப்படி ஒரு மேடாக எழுந்து தாழ்ந்தால், அதைச் சுற்றியுள்ள அலைவுகளுக்கு நினைவே இல்லாவிட்டாலும் அந்த மேடு ஒரு நீண்ட அலையாகவே பதிவாகும். அரிதான சராசரி மாற்றங்கள் நீண்ட நினைவைப் போலத் தோற்றமளிக்கும் என்பதை டீபோல்டும் இனோவேயும் 2001-இல் விரிவாகக் காட்டினார்கள்.

```python
a = s.loc["1960":"1983"].to_numpy()
b = s.loc["1984":"2019"].to_numpy()
print(gph(x, 26), gph(a, 16), gph(b, 20))
```

உண்மையான d மூன்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறாக, முழுத் தொடரின் d பெரிதாகவும் இரு பகுதிகளின் d-க்களும் அதைவிடச் சிறிதாகவும் வந்தால், பகுதிகளுக்கு இடையே நிகழ்ந்த சராசரி மாற்றமே நினைவாக வேடமிட்டிருக்கிறது என்று ஐயப்படலாம். ஐயப்படலாம் என்று மட்டும் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் பகுதியின் திட்டப் பிழை 0.16, இரண்டாவதன் பிழை 0.14, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் பிழை 0.21-ஐத் தாண்டுகிறது. ஆகவே 0.45, 0.15 என்று வந்தால்கூட, பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கக்கூடும். மேலும் முதல் பகுதிக்குள்ளேயே ஏற்றமும் இறக்கமும் முழுமையாக அடங்கியிருப்பதால், அங்கே d உயர்ந்தே இருப்பது எதையும் நிரூபிக்காது. 1984-க்குப் பிந்தைய பகுதியில், மேடு ஏதும் இல்லாத இடத்தில், d 0-விலிருந்து தெளிவாக விலகி நிற்கிறதா என்பதே இங்கு எடைபோட வேண்டிய சான்று.